கிராம சபை ஒலிப்பதிவில் பெயரும் தொலைபேசி எண்ணும் மறைத்தல்

கேரள மாநிலம் திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தில் அமைந்துள்ளது பெருங்கடவிளை. வெள்ளறடை, குன்னத்துகால், ஆரியங்கோடு, அம்பூரி முதலிய ஊராட்சிகள் பெருங்கடவிளை ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி திருத்தியமைக்கப்பட்டபோது விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு இவ்விரண்டிற்கும் இடையே வரையப்பட்டதாயினும் பேச்சு அக்கோட்டில் நின்றுவிடவில்லை. பாறசாலையிலும் அதனை அடுத்த ஊர்களிலும் ஒரே உரையாடலில் மலையாளமும் தமிழும் கலந்து வருவதை இன்றும் கேட்கலாம். இத்தகைய ஊர்களில் கிராம சபைக் கூட்டம் ஒன்றை ஒலிப்பதிவு செய்து பொதுமக்களுக்கு வழங்க முற்படும்போது எழும் ஒரு நுட்பமான பணியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பதிவு ஏன், மறைப்பு ஏன்?

1994ஆம் ஆண்டின் கேரள ஊராட்சிச் சட்டத்தின்படி ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு கிராம சபை உண்டு. மூன்று மாதங்களுக்கு ஒரு முறையேனும் அது கூட வேண்டும். நலத்திட்டங்களின் பயனாளிகளை முன்னுரிமை வரிசைப்படி தேர்ந்தெடுப்பது அதன் முக்கியப் பணிகளுள் ஒன்று. ஆகவே அங்கு பேசப்படுபவை வெறும் கருத்துரைகள் அல்ல. வீடு வேண்டி விண்ணப்பித்த பெண் ஒருத்தி, தன் தேவை பிறர் தேவையினும் மிக்கது என்று காட்டுவதற்காக, கணவன் கைவிட்டதையும் மகனின் நோயையும் வட்டிக் கடனையும் சபை நடுவே சொல்ல நேரிடுகிறது. எழுத்தர் குறித்துக்கொள்வதற்காகத் தொலைபேசி எண்ணையும் உரக்கச் சொல்கிறாள்.

இவ்வொலிப்பதிவுகளின் மதிப்பு பெரிது. தென்னிந்திய மாநிலங்கள் நான்கில் சுமார் 300 கிராம சபைகளின் நடவடிக்கைகளைப் பதிவு செய்து எழுத்தில் வடித்து, பரோமிதா சன்யால், விஜயேந்திர ராவ் ஆகிய இருவரும் 2018இல் நூலொன்று வெளியிட்டனர். சாமானிய மக்கள் அரசிடம் எவ்வாறு வாதாடுகின்றனர் என்பது அத்தகைய எழுத்துரைகளிலிருந்தே தெரிய வருகிறது. மத்திய ஊராட்சித் துறை அமைச்சகம் 2025 ஆகஸ்டில் தொடங்கிய 'சபாசார்' என்னும் ஏற்பாடு, கிராம சபை ஒலிப்பதிவிலிருந்தே கூட்டக் குறிப்பைக் கணிப்பொறி வழி உருவாக்கித் தருகிறது. ஆகவே பதிவும் எழுத்துரையும் ஒருங்கே கைக்குக் கிடைக்கும் நிலை இன்று வந்துவிட்டது.

சபை திறந்த மன்றந்தானே, அதில் சொன்னதை மறைப்பானேன் என்று கேட்கலாம். அயலார் நூறு பேர் முன்னிலையில் ஒரு முறை சொல்லப்படுவது வேறு. அதே சொல் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவி, யாரும் எப்போதும் திரும்பக் கேட்கத்தக்கதாக நிலைத்துவிடுவது வேறு. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, தன் 10ஆவது பிரிவில் இதற்கொரு வழி காட்டியுள்ளது. ஆவணமொன்றில் வெளியிடத் தகாத பகுதி இருக்குமாயின், அதனைப் பிரித்து நீக்கிவிட்டு எஞ்சிய பகுதியை வழங்கலாம் என்பது அதன் சாரம். காகிதத்தில் மை பூசி மறைப்பது போன்றதே ஒலிப்பதிவில் குறிப்பிட்ட துண்டை மௌனமாக்குவது. மை பூசும் இடம் கண்ணுக்குத் தெரியும். ஒலியிலோ இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் பணியின் பெரும்பகுதி.

எவற்றை மறைப்பது என்பதும் முதலிலேயே முடிவு செய்யப்பட வேண்டும். தலைவர், உறுப்பினர், செயலாளர் ஆகியோர் தம் பதவியின்பாற்பட்டுப் பேசுகையில் அவர்தம் பெயர்களை மறைத்தால் பதிவின் பயனே கெடும். மறைக்கத்தக்கவை மனுதாரர்களின் பெயர்கள், தொலைபேசி எண்கள், இவற்றோடு வீட்டுப் பெயர்கள். இப்பகுதியில் ஒரே பெயருடைய பலரை வேறுபடுத்தி அறிவதற்கு வீட்டுப் பெயரே அடையாளம். பெயரை மறைத்து வீட்டுப் பெயரை விட்டுவைத்தால், ஊராருக்கு ஆளைக் காட்டிக்கொடுத்ததாகவே முடியும்.

சொல்லுக்கு நேரம் குறித்தல்

ஒலிப்பதிவு முழுவதையும் கேட்டுக் கேட்டுக் கையால் மறைப்பது இயலாததன்று. ஆனால் இரண்டு மணி நேரப் பதிவிற்கு அது ஒரு நாள் வேலைக்கு மேற்பட்டது. மாறாக, எழுத்துரையில் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, அச்சொல் ஒலிப்பதிவில் எந்த விநாடியில் தொடங்கி எந்த விநாடியில் முடிகிறது என்று அறிந்து, அந்த இடைவெளியை மட்டும் மௌனமாக்குவது எளிது. இதற்கு எழுத்துரையின் ஒவ்வொரு சொல்லுக்கும் நேரம் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

நேரம் குறிக்கும் முறை பின்வருமாறு. பேசப்பட்ட சொற்கள் யாவை என்பது எழுத்துரையிலிருந்து முன்னரே தெரியும். கணிப்பொறி ஒலியை நூறில் ஒரு விநாடி அளவிலான நுண்துண்டுகளாக நறுக்குகிறது. ஒவ்வொரு துண்டும் எந்த எழுத்தொலியாக இருக்கக்கூடும் என்று மதிப்பிடுகிறது. பின்னர், எழுத்துரையின் வரிசை குலையாதவாறு, மொத்தத்தில் மிகவும் பொருந்தும் பங்கீட்டைத் தேர்ந்தெடுக்கிறது. என்ன சொன்னார் என்பதை அது தேடுவதில்லை. சொன்னது எங்கே இருக்கிறது என்பதை மட்டுமே தேடுகிறது. ஆகையால்தான் பேச்சை முதன்முதலாக எழுத்தாக்கும் முறையினும் இம்முறை நேரத்தைத் துல்லியமாகத் தருகிறது.

இதிலிருந்து ஒரு நிபந்தனை பிறக்கிறது. எழுத்துரை பேசியதைப் பேசியவாறே கொண்டிருக்க வேண்டும். 'எனக்க பேரு' என்று ஒருவர் சொன்னதை 'என் பெயர்' என்று திருத்தி எழுதினால், இல்லாத ஒலிகளைக் கணிப்பொறி தேடத் தொடங்கும். அடுத்து வரும் பெயரின் எல்லை பிசகும். தொலைபேசி எண்ணிற்கு இது இன்னும் பொருந்தும். பத்து இலக்கங்களைச் சேர்த்து ஒரே எண்ணாக எழுதிவிடுவது எழுதுவோர் வழக்கம். பேசியவரோ சில இலக்கங்களைத் தனித்தனியாகவும், சிலவற்றை 'டபுள் எட்டு' என்றும், சிலவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து 'நாற்பத்தேழு' என்றும், இடையே மலையாளத்திலும் சொல்லியிருப்பார். சொன்ன சொற்களை எழுதினாலன்றி நேரம் பொருந்தாது.

கோப்பைப் பொறுத்தும் ஒரு நிபந்தனை உண்டு. கைப்பேசியில் பதிவான கோப்பு பெரும்பாலும் சுருக்கப்பட்ட வடிவில் இருக்கும். அவ்வடிவங்களில் குறியாக்கம் செய்யும்போது தொடக்கத்தில் சில பத்து மில்லி விநாடி வெற்றொலி சேர்வதுண்டு. ஒரு மென்பொருள் அதனைக் கழித்துக் கணக்கிடும், மற்றொன்று கழிக்காது. எழுத்துரையின் நேரத்தை ஒரு கோப்பிலிருந்து எடுத்து, மௌனத்தை வேறொரு கோப்பில் இட்டால், எல்லாத் துண்டுகளும் ஒரே அளவில் தள்ளிப்போகும். எனவே முதலில் சுருக்கமற்ற கோப்பொன்றை ஒரே முறை உருவாக்கி, பின்வரும் பணிகள் அனைத்தையும் அதன்மீதே செய்ய வேண்டும்.

```
ffmpeg -i pathivu.m4a -ac 1 -ar 16000 -c:a pcm_s16le sabai.wav
```

இக்கட்டளை ஒரு விநாடிக்கு 16,000 மாதிரிகள் கொண்ட ஒற்றைத் தடக் கோப்பைத் தருகிறது. பேச்சுக்கு இது போதுமானது.

ஓர் எடுத்துக்காட்டு

விளக்கத்தின் பொருட்டு, வார்டு சபையொன்றில் மனுதாரர் ஒருவர் பேசுவதாகக் கற்பனை செய்துகொள்வோம். அவர் பெயர் சுலோசனா என்று வைத்துக்கொள்வோம். நேரம் குறித்த எழுத்துரையில் 'பேரு' என்னும் சொல் 754.02 விநாடியில் தொடங்கி 754.31இல் முடிகிறது, 'சுலோசனா' 754.31 முதல் 755.02 வரை நிற்கிறது. வீட்டுப் பெயர் 756.10 முதல் 757.05 வரை. தொலைபேசி எண் 761.40இல் தொடங்கி 766.85இல் முடிகிறது.

'பேரு' முடியும் புள்ளியும் 'சுலோசனா' தொடங்கும் புள்ளியும் ஒன்றாகவே இருப்பதைக் கவனிக்க வேண்டும். எழுத்தில் சொற்களுக்கிடையே இடம் விடுகிறோம். பேச்சில் அவ்விடைவெளி இல்லை. அடுத்து வரும் ஒலிக்கு நாவும் உதடும் முன்கூட்டியே ஆயத்தமாகிவிடுவதால் பெயரின் சாயல் முந்திய சொல்லின் இறுதியிலேயே படிகிறது. பெயர் உயிரெழுத்தில் தொடங்கினால் எல்லை முற்றிலும் கலந்துவிடும். 'பேரு அம்பிகா' என்பது 'பேரம்பிகா' என்றே ஒலிக்கிறது. ஆகவே இருபுறமும் சிறிது கூட்டி மறைப்பது இன்றியமையாதது. இயல்பான பேச்சில் ஒரு விநாடிக்கு ஐந்து முதல் ஏழு அசைகள் வரை செல்வதால் ஓர் அசை ஏறத்தாழ 150 முதல் 200 மில்லி விநாடி நிற்கும். அதில் பாதியளவான 80 மில்லி விநாடியைக் கூட்டினால், பெயரின் ஓரம் மறைவதோடு அண்டைச் சொல்லும் பெரும்பாலும் புரியும்படி எஞ்சும். அதன்படி பெயருக்கான துண்டு 754.23 முதல் 755.10 வரையிலும், வீட்டுப் பெயருக்கானது 756.02 முதல் 757.13 வரையிலும் அமையும்.

தொலைபேசி எண்ணைப் பொறுத்தவரை இலக்கங்களைத் தனித்தனியாக மறைக்கலாகாது. இடையில் உள்ள நிறுத்தங்களையும் சேர்த்து, முதல் இலக்கத்தின் தொடக்கம் முதல் கடைசி இலக்கத்தின் முடிவு வரை ஒரே துண்டாக, 761.32 முதல் 766.93 வரை மறைக்க வேண்டும். பத்து இலக்கங்களுள் ஏழு மறைந்து மூன்று எஞ்சுவது போதாதா என்று எண்ணலாம்; மறையாமல் ஏழு எஞ்சி மூன்று மட்டும் மறைவதும் அதே கவனக்குறைவால் நேரும். அப்போது முயன்று பார்க்க வேண்டிய எண்கள் ஆயிரம் மட்டுமே.

மேலும், எண்ணைக் குறித்துக்கொண்ட எழுத்தர் சரிபார்ப்பதற்காக அதைத் திரும்பச் சொல்வார். எடுத்துக்காட்டில் அது 767.30 முதல் 771.10 வரை வருகிறது. அவர் குரல் தாழ்ந்தும் ஒலிவாங்கியிலிருந்து விலகியும் இருப்பதால் எழுத்துரையில் அது விடுபட்டுப்போவது மிகவும் இயல்பு. எண் ஒன்று வந்த இடத்தில் அடுத்த பத்து விநாடியைச் செவியால் கேட்டே ஆக வேண்டும்.

மௌனமாக்குதல்

கண்டறிந்த துண்டுகளை மௌனமாக்க எளிய வழி அடாசிட்டி போன்ற ஒலித் தொகுப்பு மென்பொருளாகும். துண்டின் தொடக்கம், முடிவு, குறிப்பு ஆகிய மூன்றையும் தத்தல் இடைவெளியால் பிரித்து எழுதிய கோப்பை அது அடையாளச் சீட்டாக ஏற்றுக்கொள்ளும்.

```
754.230	755.100	பெயர்
756.020	757.130	வீட்டுப் பெயர்
761.320	766.930	எண்
767.220	771.180	எண்
```

அடையாளமிட்ட பகுதிகள் அனைத்தையும் ஒரே ஆணையில் மௌனமாக்கும் வசதி அதில் உள்ளது. அது மாதிரி அளவில் துல்லியமாக வேலை செய்கிறது. கோப்புகள் பலவாயின் கட்டளை வழியே செய்வது நலம்.

```
ffmpeg -i sabai.wav -map_metadata -1 -af "asetnsamples=n=160:p=0,volume=0:enable='between(t,754.23,755.10)+between(t,756.02,757.13)+between(t,761.32,766.93)+between(t,767.22,771.18)'" -c:a pcm_s16le sabai_m.wav
```

இதில் `asetnsamples=n=160` என்னும் பகுதி தேவையற்றதாகத் தோன்றலாம். அதை விட்டால் என்ன நேரும் என்பதை அறிந்தால் அதன் அருமை புலப்படும். இம்மென்பொருள் ஒலியைக் கட்டுக்கட்டாகக் கையாள்கிறது. ஒரு கட்டின் தொடக்க நேரம் குறித்த எல்லைக்குள் உள்ளதா என்று மட்டுமே பார்த்து, அக்கட்டு முழுவதையும் மறைக்கிறது அல்லது முழுவதையும் விட்டுவிடுகிறது. ஒரு கட்டில் 1024 மாதிரிகள் இருப்பின், 16,000 மாதிரி வேகத்தில் அது 64 மில்லி விநாடி. எல்லைக்குச் சற்று முன் தொடங்கிய கட்டு மறைபடாமல் போவதால், கூட்டிவைத்த 80 மில்லி விநாடியில் பெரும்பகுதி வீணாகும். கட்டு அதனினும் பெரிதாயின் பெயரின் முதல் எழுத்தே கேட்டுவிடும். கட்டின் அளவை 160 மாதிரியாகக் குறைத்தால் அது சரியாக நூறில் ஒரு விநாடி ஆகிறது. பிழையும் அதற்கு மேற்படாது.

மௌனம் என்பது ஒலியைத் தணிப்பதன்று. ஒலியை 40 டெசிபெல் குறைத்தால் செவிக்கு எதுவும் கேளாது போலத் தோன்றும். ஆயினும் 16 பிட்டுக் கோப்பில் பேச்சின் வடிவம் அடித்தளத்தில் எஞ்சியிருக்கும். ஒலியளவை மீண்டும் உயர்த்துபவர் பெயரைக் கேட்டுவிடுவார். ஒவ்வொரு மாதிரியும் சுழியாக வேண்டும். சுழியிலிருந்து எதையும் மீட்க இயலாது.

துண்டை வெட்டி எறிவதும் தகாது. வெட்டினால் அதற்குப் பின்வரும் எல்லாச் சொற்களின் நேரமும் மாறிப்போகும். எழுத்துரையும் ஒலியும் ஒன்றோடொன்று பொருந்தா. கேட்பவருக்கு அங்கு ஏதோ நீக்கப்பட்டது என்பதும் தெரியாது. மௌனமாக்கும்போது பதிவின் மொத்த நேரம் மாறுவதில்லை. நீக்கம் நிகழ்ந்த இடமும் அளவும் வெளிப்படையாகத் தெரிகின்றன. பொது ஆவணத்திற்கு இவ்வெளிப்படைத் தன்மை அவசியம். மௌனத்தின் ஓரங்களில் சொடுக்கொலி கேட்குமாயின், ஒலியை மெல்லத் தாழ்த்தி உயர்த்தலாம். அத்தாழ்வு கூட்டிவைத்த ஓரத்திற்குள் முடிய வேண்டுமேயன்றிப் பெயருக்குள் நீளலாகாது.

பேச்சு ஆய்வுக்கென வெளியிடப்படும் தொகுப்புகளில் வேறு முறையும் உண்டு. அமெரிக்காவின் சாந்தா பார்பரா பேச்சுத் தொகுப்பில் பெயர்களை முற்றும் மௌனமாக்காமல், உயர் அதிர்வெண்களை வடிகட்டி நீக்கினர். அதனால் சொல் விளங்காது. குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் நிற்கும். மொழியியலாருக்கு அது பயனுடையது. மனுதாரரின் பாதுகாப்பு கருதும் கிராம சபைப் பதிவிற்கு முழு மௌனமே ஏற்றது.

எழுத்துரை ஏமாற்றும் இடம்

இம்முறையின் பலவீனம் மௌனமாக்குவதில் இல்லை, எழுத்துரையில் இருக்கிறது. எழுத்துரையில் பெயர் இருந்தால்தான் அதைத் தேட முடியும். பேச்சை எழுத்தாக்கும் கணிப்பொறி மிகுதியும் தவறுவதோ பெயர்களில்தான். வழக்கச் சொற்கள் ஆயிரம் முறை வரும். ஒருவரின் வீட்டுப் பெயர் அதற்கு அறிமுகமே ஆகாதது. தெரியாத பெயரைக் கேட்ட கணிப்பொறி அதற்கு ஒலியால் அணித்தான பொதுச்சொல்லை எழுதிவிடும், அல்லது விட்டுவிடும். இருமொழிப் பேச்சில் இத்தொல்லை இரட்டிக்கிறது. மலையாளத்திற்கென அமைந்த எழுத்தாக்கம் இடையே வரும் தமிழ்த் தொடரைச் சிதைத்து எழுதும். அத்தொடரிலுள்ள பெயர் அடையாளம் தெரியாமல் போகும்.

தமிழின் இயல்பும் தேடலைக் கடினமாக்குகிறது. பெயரோடு வேற்றுமை உருபு ஒட்டிக்கொள்வதால் 'சுலோசனாவுக்கு', 'சுலோசனாவின்' என்று வடிவம் மாறும். செல்வம், மணி, பொன்னு போன்றவை பெயராகவும் வரும், பொதுச்சொல்லாகவும் வரும். ஆகவே பெயர்ப் பட்டியலைக் கொண்டு தேடுவது தொடக்கமேயன்றி முடிவாகாது. வருகைப் பதிவேடும் விண்ணப்பப் பட்டியலும் அலுவலகத்தில் இருக்குமாதலால், அவற்றிலுள்ள பெயர்களின் முதல் இரண்டு மூன்று எழுத்துகளைக் கொண்டு தேடுவது நற்பயன் தரும்.

விடுபட்ட பெயர்களைக் காட்டிக்கொடுக்கும் குறி ஒன்று உண்டு. எழுத்துரையில் இல்லாத சொல்லுக்கும் ஒலியில் இடம் இருக்கிறது. நேரம் குறிக்கும்போது அவ்வொலியை எங்கேனும் பங்கிட்டாக வேண்டுமாகையால், அண்டைச் சொல் அதனை விழுங்கி நீண்டுவிடும். 'பேரு' என்னும் ஈரசைச் சொல் மேற்கண்ட எடுத்துக்காட்டில் 0.29 விநாடி நின்றது. வேறோரிடத்தில் அதே சொல் 1.20 விநாடி நிற்குமாயின், அதனுள் ஒரு பெயர் ஒளிந்திருக்கிறது என்று ஐயுறலாம். அவ்வாறே, சொற்களுக்கிடையே அரை விநாடிக்கு மேல் வெற்றிடம் காட்டப்பட்டு, அவ்விடத்தில் ஒலியின் வலிமை குறையாதிருப்பின், அங்கே யாரோ பேசியிருக்கிறார். சொற்களை அவை நீண்ட அளவின்படி வரிசைப்படுத்தி, மிக நீண்டவற்றை மட்டும் கேட்டுப் பார்ப்பது சில நிமிட வேலை. கவனமாகப் படித்தும் தப்பிய பெயர்கள் பல இவ்வழியே அகப்படும்.

சரிபார்த்தல்

பணி முடிந்தபின் மூன்று சோதனைகள் தேவை. முதலாவது கோப்பைப் பற்றியது. மூலத்தின் நேரமும் மறைத்த கோப்பின் நேரமும் ஒன்றாக இருத்தல் வேண்டும். ஒவ்வொரு சொல்லின் எல்லைக்குள்ளும் உண்மையான மௌனமே உள்ளதா என்பதைப் பின்வரும் கட்டளை காட்டும்.

```
ffmpeg -ss 754.31 -t 0.71 -i sabai_m.wav -af volumedetect -f null -
```

விடையில் `max_volume: -91.0 dB` என வந்தால் எல்லா மாதிரிகளும் சுழி என்று பொருள். அதனினும் உயர்ந்த மதிப்பு வந்தால் துண்டு இடம் பெயர்ந்திருக்கிறது. இச்சோதனை கட்டளை நிறைவேறியதா என்பதை மட்டுமே காட்டும். குறித்த நேரம் சரியானதா என்பதைக் காட்டாது.

ஆகவே இரண்டாவது சோதனை செவியைச் சார்ந்தது. ஒவ்வொரு மௌனத்தின் முன்னும் பின்னும் இரண்டு விநாடி கேட்க வேண்டும். முன்சொல் பாதியில் அறுபட்டு, மௌனத்திற்குப் பின் பெயரின் வால் ஒலித்தால் துண்டு முந்திவிட்டது. எல்லாத் துண்டுகளிலும் அதே அளவு பிசகு காணப்படின், கோப்பு மாறியதே காரணம். பதிவு செல்லச் செல்லப் பிசகு பெருகுமாயின், இரு கோப்புகளின் மாதிரி வேகக் கணக்கு வேறுபடுகிறது. ஓரிடத்தில் மட்டும் பிசகினால், அங்கு எழுத்துரை பேச்சோடு பொருந்தவில்லை.

மூன்றாவது சோதனை, எழுத்துரையைப் பாராமல் மறைத்த பதிவு முழுவதையும் ஒருவர் கேட்பது. அவர் அவ்வூரையும் இரு மொழிகளையும் அறிந்தவராக இருத்தல் நலம். வெளியூரார் செவிக்கு வீட்டுப் பெயர் பொருளற்ற ஓசையாகக் கடந்துபோகும். ஊர் அறிந்தவர் அதை உடனே கண்டுகொள்வார். இச்சோதனையில் கணக்கிட வேண்டியது எத்தனை மறைந்தது என்பதன்று, எத்தனை தப்பியது என்பதே. அறுபது பெயர்களுள் ஐம்பத்தேழு மறைந்திருந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்று அறிக்கை எழுதலாம். தப்பிய மூவருக்கோ கிடைத்த பாதுகாப்பு ஒன்றுமில்லை. மாறாக, மறைக்க வேண்டாத சொல் ஒன்றிரண்டு மறைந்துபோவதால் பெருங்கேடு இல்லை. மூலத்தைப் பார்த்து அதைத் திருத்திக்கொள்ளலாம். ஐயம் எழுந்தால் மறைப்பதே முறை.

மறைப்பின் எல்லை

ஒலியை மறைத்துவிட்டு எழுத்துரையை அப்படியே வெளியிடுவது பூட்டிய வீட்டின் சாவியைத் திண்ணையில் வைப்பதாகும். எழுத்துரையில் அச்சொற்களுக்குப் பதிலாக 'மனுதாரர் 1', 'எண்' என்றாற்போன்ற குறிகளை அதே நேரத்தோடு இட வேண்டும். ஒருவர்க்கு ஒரே குறி எங்கும் வந்தால், யார் எதைச் சொன்னார் என்பதை ஆய்வாளர் தொடர்ந்து அறியலாம். துண்டுப் பட்டியலில் மறைத்த சொல்லையே குறிப்பாக எழுதியிருந்தால் அப்பட்டியலும் மறைவாக வைக்கத்தக்கதே. மேற்காட்டிய சீட்டில் 'பெயர்', 'எண்' என வகை மட்டும் எழுதப்பட்டது இக்காரணத்தினாலேயே. கோப்பின் பெயரிலும், கைப்பேசி தானாகச் சேர்க்கும் குறிப்புகளிலும் ஆளின் பெயரோ இடமோ இருக்கக்கூடும். கட்டளையிலுள்ள `-map_metadata -1` அக்குறிப்புகளை நீக்குகிறது. மூலப் பதிவைப் பொறுப்புள்ள அலுவலர் ஒருவரின் காவலில் தனியே வைத்தல் வேண்டும்.

எல்லாம் செய்த பின்னரும் குரல் நிற்கிறது. பக்கத்து வீட்டார்க்குக் குரலே பெயர். பாலத்தடியில் தேநீர்க் கடை வைத்திருந்து கால் இழந்தவர் என்று சொன்னால் பெயரே வேண்டுவதில்லை. இவ்வகை அடையாளங்கள் சொல்லளவில் அமையாமல் தொடரளவில் அமைவதால், பெயர் தேடும் முறையில் அகப்படா. ஆகவே நோய், குடும்பப் பூசல், பாலியல் கொடுமை ஆகியவை பேசப்பட்ட பகுதிகளைப் பெயர் மறைத்துவிட்டோம் என்ற துணிவில் வெளியிடலாகாது. அப்பகுதியை முழுவதும் மௌனமாக்குவதா, எழுத்துச் சுருக்கமாக மட்டும் தருவதா என்பதை அலுவலர் ஒவ்வொன்றாக முடிவு செய்ய வேண்டும். எஞ்சிய பகுதிகளில், பெயரும் எண்ணும் வீட்டுப் பெயரும் நீங்கிய பதிவு, இன்னாருக்கு ஏன் வீடு முதலில் ஒதுக்கப்பட்டது என்பதற்குச் சபை கூறிய காரணங்களை முழுமையாகக் காட்டும். பட்டியலில் இடம் பெறாதவரும் அக்காரணங்களைக் கேட்டு முறையிடலாம். மனுதாரரின் தொலைபேசி எண்ணோ ஊர் முழுவதும் உலவாது.